வாடிக்கையாளரின் படத்தில் சேலையும் வேட்டியும் உடுத்திக் காட்டுதல்: சிறிய தையல் கடைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாறியை மடிச்சபடி ஒரு படம் எடுத்துப் போட்டால் காணாதா?

காணாது. ஆளின் படத்தில் உடுப்பை உடுத்திக் காட்டும் இந்த AI மென்பொருள்கள் எதைப் பார்த்துப் பழகினவை என்று தெரிந்தால் காரணம் விளங்கும். 2018 இல் வெளிவந்த VITON, 2021 இல் வந்த VITON-HD ஆகிய ஆய்வு மென்பொருள்கள் இரண்டின் படத் தொகுப்பிலும் இருந்தவை பெண்களின் மேற்சட்டைகள். 2022 இல் வந்த Dress Code தொகுப்பில் கீழாடைகளும் முழு நீள உடுப்புகளும் சேர்ந்தன. எல்லாமே வெட்டித் தைத்த உடுப்புகள். தைத்த சட்டையை மேசையில் விரித்தாலும் ஆள் போட்டாலும் கழுத்து கழுத்தாகவும் கை கையாகவும் இருக்கும். அதை உடம்புக்கு ஏற்ப வளைத்துப் பொருத்தினால் வேலை முடிந்தது.

சேலை அப்படியில்லை. கிட்டத்தட்ட ஐந்தரை மீற்றர் நீளமான ஒரு துணி. எந்த இடத்தில் கொய்யகம் வைப்பது, எந்த முனை தோளுக்குப் போவது, கரை எங்கே தரையைத் தொடுவது என்பதெல்லாம் மடித்த படத்தில் இல்லை. மென்பொருள் அதை ஒரு பூப்போட்ட துணித்துண்டாக எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த நீளக் கவுனை அந்தத் துணியில் வரைந்துவிடும். வந்த படத்தில் கொய்யகம் முன்பக்கம் மட்டும் விழாமல் இடுப்பைச் சுற்றிப் பாவாடை போல விரிந்திருந்தால், அல்லது கரை இடுப்பில் பட்டிபோல ஓடினால், நடந்தது இதுதான்.

எனவே உடுத்திய சேலையைக் கொடுக்க வேண்டும். கடையில் நிற்கும் பொம்மையே போதும். துணியை அயன் பண்ணி, கொய்யகம் ஆறோ ஏழோ வைத்து, ஒவ்வொன்றும் ஐந்து அங்குலத்துக்குக் கிட்ட இருக்கும்படி இடுப்பில் பின் குத்துங்கள். தலைப்பை இடத்தோளில் போட்டு, அதன் பெரிய பூவேலை முன்னாலும் கொஞ்சம் தெரியும்படி விடுங்கள். பின்னால் வெறும் சுவர் அல்லது ஒரே நிறத் துணி. கமெரா பொம்மையின் இடுப்பு உயரத்தில், நேர் எதிரே. உடுத்திய ஆடையின் படத்திலிருந்தே ஆடையை எடுக்கக்கூடிய மென்பொருளா என்பதை முதலில் பாருங்கள். CatVTON போன்ற சில இரண்டு விதமான படத்தையும் ஏற்கும். மேசையில் விரித்த உடுப்பை மட்டும் எதிர்பார்ப்பவற்றில் பொம்மையின் கையும் கழுத்தும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வரும்.

இதோடு ஒவ்வொரு சேலைக்கும் இன்னும் மூன்று கிட்டப் படங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: உடல், அளவு நாடா பக்கத்தில் வைத்த கரை, முழுதாக விரித்த தலைப்பு. இவை மென்பொருளுக்கு அல்ல. வந்த படத்தைச் சரிபார்க்கவும் கரையைத் திருத்தவும் உங்களுக்குத் தேவைப்படும்.

வாடிக்கையாளரிட்ட என்ன மாதிரிப் படம் கேட்கிறது?

தலை உச்சியிலிருந்து பாதம் வரை முழு உருவம். பாதம் தெரிவது முக்கியம், ஏனென்றால் பிறகு அளவு பார்க்கும்போது உயரக் கணக்குக்கு அது வேண்டும். வேறொருவர் எடுக்க வேண்டும். எடுப்பவர் மூன்று மீற்றர் தள்ளி நின்று, போனை இடுப்பு உயரத்தில் நேராகப் பிடிக்கட்டும். கிட்ட நின்று முகத்து உயரத்திலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால் சிறிதாகவும் வரும். அந்தப் படத்தில் உடுத்தும் சேலையின் கீழ்க்கரையும் ஒடுங்கிப் போகும்.

உடம்போடு ஒட்டிய, கை குறுகிய சட்டையாக இருக்கட்டும். கைகள் உடம்பிலிருந்து சற்று விலகி இருக்க வேண்டும். தலைமயிரைப் பின்னால் போடச் சொல்லுங்கள். இடத்தோளுக்கு முன்னால் பின்னல் கிடந்தால் தலைப்பு வரும் இடத்தில் அது பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். கனடாவிலும் லண்டனிலும் இருந்து கலியாண உடுப்புக்கு எழுதுகிறவர்கள் குளிர்ச்சட்டையோடு நின்ற படத்தைத்தான் பெரும்பாலும் அனுப்புவார்கள். அதை வைத்துத் தொடங்காமல், வீட்டுக்குள் எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். குளிர்ச்சட்டையின் பருமன் சேலைக்குள் அப்படியே வந்து, ஆள் இரண்டு சுற்றுப் பெருத்துத் தெரிவார்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அனேக மென்பொருள்கள் 768 × 1024 அளவில் வேலை செய்கின்றன. போனின் சாதாரண 3:4 படம் அதற்குச் சரியாகப் பொருந்தும். நீண்ட 9:16 படத்தைச் சில தளங்கள் இழுத்து அமத்திவிடும், ஆள் கட்டையாகிவிடுவார். கணினியில் பைத்தனும் அதன் Pillow நூலகமும் இருந்தால் இந்த நாலு வரியும் படத்தை இழுக்காமல் ஓரத்துக்குச் சாம்பல் நிறம் சேர்த்துத் தரும்:

```python
from PIL import Image, ImageOps
im = ImageOps.exif_transpose(Image.open("photo.jpg")).convert("RGB")
im = ImageOps.pad(im, (768, 1024), color=(200, 200, 200))
im.save("ready.png")
```

பஞ்சாபியோட நிண்ட படம். சாறி உடுத்தினாலும் உள்ளுக்குக் காற்சட்டை மாதிரித் தெரியுது. ஏன்?

பிழை சேலையில் இல்லை, மாஸ்க்கில் இருக்கிறது. மென்பொருள் வேலை தொடங்கும்போது ‘இந்த இடத்தை அழித்துப் புதிதாக வரை’ என்று படத்தில் ஒரு பகுதியைக் குறித்துக்கொள்ளும். அதுதான் மாஸ்க். அதற்கு வெளியே இருக்கும் எதையும் அது தொடாது. தானாக மாஸ்க் போடும்போது இருக்கிற உடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போகும். காற்சட்டை போட்டவருக்குக் கால் இரண்டும் குறிபடும், இரண்டு காலுக்கும் நடுவில் தெரிகிற சுவர் குறிபடாது. பிறகு எப்படி அங்கே கொய்யகம் விழும்? சுவர் சுவராகவே நிற்கும், சேலை இரண்டு குழாயாகப் பிரியும்.

முதலில் ஆடை வகையைப் பாருங்கள். upper_body, lower_body, dresses என்று மூன்று இருந்தால் சேலைக்கு dresses. அதற்குப் பிறகும் மாஸ்க்கைக் கையால் திருத்தத்தான் வேண்டும். தூரிகையால் நிரப்பும் வசதி இல்லாத தளம் சேலைக்கு உதவாது என்றே சொல்வோம். நிரப்ப வேண்டிய இடங்கள் இவை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, கால்களுக்கு இடையில் உள்ள வெளி முழுவதும். இடத்தோளின் மேல் இரண்டு விரல் அளவு, தலைப்பின் தடிப்புக்காக. இடக்கைக்கு வெளியே, தோளிலிருந்து முழங்கால் மட்டும் ஒரு சாண் அகலப் பட்டை, தலைப்பு பின்னால் தொங்குவது அங்கேதான் தெரியும். பஞ்சாபியின் சால்வை கிடந்தால் அதுவும் முழுதாக மாஸ்க்குக்குள் போக வேண்டும். சால்வையின் ஒரு விரல் அகலம் வெளியில் நின்றாலும் அது புதுச் சேலைக்குக் கீழே வேறு நிற நாடாவாக எட்டிப் பார்க்கும்.

நிரப்பக் கூடாத இடங்களும் உண்டு. முகம், கழுத்து, விரல்கள் மூன்றையும் விட்டுவிடுங்கள். மாஸ்க்குக்குள் போன கை திரும்பி வரும்போது மென்பொருள் ஊகித்த கையாகத்தான் வரும். விரல் கூடலாம், காப்பு மறையலாம், தோல் நிறம் மாறலாம். கை குறுகிய சட்டை போட்டு வரச் சொல்வது இதற்காகத்தான். நீளக்கைச் சட்டையென்றால் அதை அழிக்கக் கையையும் சேர்த்து அழிக்க வேண்டி வரும்.

தலைப்பு வலத்தோளில வந்திட்டுது. என்ன செய்யலாம்?

வாடிக்கையாளர் செல்ஃபி அனுப்பியிருக்கிறார், அல்லது கண்ணாடியில் தெரிந்த உருவத்தை எடுத்திருக்கிறார். சில போன்கள் முன்கமெராப் படத்தை இடம்வலம் மாற்றியே சேமிக்கும். சட்டையில் எழுத்து இருந்தால் பார்த்தவுடன் தெரியும். இல்லாவிட்டால் மணிக்கூடு எந்தக் கையில் கட்டுவீர்கள் என்று கேளுங்கள். சேலை உடுத்துவதற்கு முன்பே படத்தைத் திருப்பி விடுங்கள். வந்த படத்தைத் திருப்பினால் தலைப்பு சரியான தோளுக்கு வரும், ஆனால் பொம்மையில் நீங்கள் எடுத்த பூவேலையின் திசை மாறிப்போகும்.

படம் வடிவா வந்திருக்கு. ஆனா கரை உண்மையான அகலம்தானோ எண்டு எப்பிடித் தெரியும்?

அளந்து பார்க்க வேண்டும். கடைக்குப் பிரச்சினை கொண்டுவருவது அனேகமாகக் கரைதான். உடலின் நிறத்தை ஓரளவு சரியாக எடுக்கும் மென்பொருள், கரையைத் தன் விருப்பத்துக்கு அகட்டும் அல்லது ஒடுக்கும். பார்க்கிற கண்ணுக்கு அகலக் கரை ஆடம்பரமாகத் தெரிவதால் அகட்டிய படத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. துணி கைக்கு வந்த பிறகுதான் ‘படத்தில் பெரிசாய் இருந்ததே’ என்ற கேள்வி வரும்.

ஒரு உதாரணத்தைக் கணக்காகப் பார்ப்போம். வாடிக்கையாளரின் உயரம் 158 சென்ரிமீற்றர். சேலை கடுகு மஞ்சள் உடல், அரக்கு நிறக் கரை. நாடாவால் அளந்தால் கரை 10 சென்ரிமீற்றர். வாடிக்கையாளர் அனுப்பிய படத்தை 768 × 1024 ஆக்கிய பிறகு GIMP என்ற படத் திருத்த மென்பொருளில் திறந்து, Measure கருவியால் தலை உச்சியிலிருந்து பாதம் வரை இழுத்தால் 900 பிக்சல் காட்டுகிறது. கொண்டையும் உயர்ந்த குதியும் இருந்தால் கழித்துவிட வேண்டும். 900 ஐ 158 ஆல் பிரித்தால் ஒரு சென்ரிமீற்றருக்கு 5.7 பிக்சல். அப்படியானால் 10 சென்ரிமீற்றர்க் கரை படத்தில் 57 பிக்சல் இருக்க வேண்டும்.

இனி உடுத்திய படத்தைத் திறந்து கீழ்க்கரையை அளக்கிறோம். 90 பிக்சல் வருகிறது. 90 ஐ 5.7 ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 16 சென்ரிமீற்றர். உண்மையை விட ஒன்றரை மடங்குக்கு மேல். இதை வாடிக்கையாளருக்குக் காட்டக் கூடாது.

எங்கே அளப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கொய்யகம் விழும் இடத்தில் கரை மடிந்து சாய்ந்திருக்கும், அங்கே அளவு பிழைக்கும். வலக்காலின் வெளிப்பக்கம், துணி தட்டையாகக் கமெராவைப் பார்க்கும் இடத்தில் மேலிருந்து கீழாக அளவுங்கள். மார்புக்குக் குறுக்கே ஏறும் கரையை அளப்பதானால் கரைக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். அங்கே துணி உடம்போடு வளைவதால் கொஞ்சம் குறைந்து வருவது இயல்பு. ஐந்தாறு பிக்சல் வித்தியாசத்துக்குக் கவலைப்பட வேண்டாம். கால் பங்குக்கு மேல் வித்தியாசமென்றால் திருத்த வேண்டும்.

ஏன் அகலுகிறது என்பதற்கு அனேகமாக இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். பொம்மைப் படம் கீழிருந்து மேல்நோக்கி எடுக்கப்பட்டிருக்கும், அப்போது கரை கமெராவுக்குக் கிட்ட இருந்து பெரிதாக விழும். அல்லது பொம்மை குள்ளமாக இருக்கும்: 140 சென்ரிமீற்றர்ப் பொம்மையில் 10 சென்ரிமீற்றர்க் கரை விகிதத்தில் பெரியது, அந்த விகிதத்தை மென்பொருள் உயரமான பெண்ணுக்கும் அப்படியே கொண்டுபோகும். கமெராவை இடுப்பு உயரத்துக்கு உயர்த்தி மறுபடி எடுத்தாலே பெரும்பகுதி சரியாகும். பொம்மையைத் தாங்கியில் உயர்த்திச் சேலையைத் தரை வரை விட்டு உடுத்துவது மீதியைச் சரிசெய்யும்.

திரும்ப எடுத்தும் கரை சரிவரேல்லை. கையால திருத்தேலுமோ?

ஏலும், கரை மட்டும் என்றால். சேலையில் உடல் எங்கே முடிகிறது என்ற கோட்டை முதலில் சரிப்படுத்த வேண்டும். GIMP இல் உடுத்திய படத்தைத் திறந்து, கரை கூடுதலாக ஏறியிருக்கும் பகுதியைப் பக்கத்து உடல் துணியைக் கொண்டு Clone கருவியால் மூடுங்கள். மேற்சொன்ன உதாரணத்தில் 33 பிக்சல் உயரத்துக்கு மூட வேண்டும். பிறகு நாடாவோடு எடுத்த கரைப் படத்திலிருந்து நாடாவை விட்டுக் கரையை மட்டும் வெட்டி, 57 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கி, புதிய அடுக்காக மேலே வையுங்கள். Warp Transform கருவியால் அதைக் கீழ் விளிம்பின் வளைவுக்கு மெல்லத் தள்ளிப் பொருத்துங்கள்.

இந்த நிலையில் அது ஒட்டுத்தாள் ஒட்டியது போலத்தான் இருக்கும், ஏனென்றால் மடிப்பின் நிழல் அதில் இல்லை. திருத்துமுன் இருந்த படத்தைப் பிரதி எடுத்து, Desaturate செய்து நிறத்தை நீக்கி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, அடுக்கின் Mode ஐ Multiply ஆக்கி, Opacity ஐ 40 க்கும் 60 க்கும் இடையில் வையுங்கள். அந்த அடுக்குக்கு ஒரு லேயர் மாஸ்க் போட்டுக் கரைக்கு வெளியே கறுப்பால் மூடிவிட்டால் மற்ற இடங்கள் கறுக்காது. பழைய கரையின் சரிகைக் கோடு நிழலோடு சேர்ந்து தெரிந்தால் அந்த அடுக்குக்கு மட்டும் Gaussian Blur கொடுங்கள். கோடு கரையும், மடிப்பின் நிழல் மிஞ்சும்.

தலைப்பின் பூவேலையை இப்படித் திருத்தப் போகாதீர்கள். அது தோளில் வளைந்து, மடிந்து, ஒளியை வேறு விதமாக வாங்குகிற இடம். மணிக்கணக்காக இருந்தாலும் பொய்யாகத்தான் தெரியும். முழுதாக விரித்த தலைப்பின் உண்மையான படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவது நேர்மையானது, வேலையும் குறைவு. கூறைச் சேலைக்கு இது கட்டாயம். கூறையில் ஆட்கள் தேடிப் பார்ப்பது சரிகை வேலையைத்தான், மென்பொருள் குழப்பி வரைவதும் அதைத்தான்.

வேட்டி உடுத்தினால் வெள்ளைக் காற்சட்டை மாதிரி வருது, இல்லாட்டிப் பாவாடை மாதிரி வருது.

காற்சட்டையாக வருவதற்குக் காரணம் சேலைக்குச் சொன்னதே: கால்களுக்கு நடுவே மாஸ்க் இல்லை. lower_body வகையைத் தெரிவு செய்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே பெட்டியாக நிரப்புங்கள். இரண்டு பக்கமும் காலுக்கு வெளியே நாலு விரல் அளவு சேர்க்க வேண்டும், வேட்டி காலோடு ஒட்டாது.

பாவாடையாக வருவது வேறு காரணம். வேட்டியை வேட்டியாகக் காட்டுவது முன்னால் நீளப்பாட்டுக்கு விழும் கரையும், ஒரு விளிம்பு மற்றதன் மேல் ஏறி நிற்கும் அந்தக் கோடும்தான். வெள்ளைத் துணியை வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்தால் அந்தக் கோடு படத்திலேயே இருக்காது. போன் கமெரா வெளிச்சத்தைத் தானாகக் கூட்டி வெள்ளையை எரித்துவிடும், மடிப்பெல்லாம் அழியும். மடிப்பு இல்லாத வெள்ளை உருளை கிடைத்தால் மென்பொருள் பாவாடைதான் வரைய முடியும். சாம்பல் அல்லது கடும் நீலத் துணியைப் பின்னால் தொங்கவிட்டு, வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரும்படி பொம்மையை யன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். போன் திரையில் வேட்டியைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுத்து, துணி மிக மெல்லிய சாம்பலாகத் தெரியும் வரை குறைத்து எடுங்கள். பிறகு கூட்டிக்கொள்ளலாம். எரிந்த வெள்ளையிலிருந்து மடிப்பை மீட்க வழியில்லை.

நாலு முழமா எட்டு முழமா என்பது வந்த படத்தில் வித்தியாசமாகத் தெரியுமென்று எதிர்பார்க்க வேண்டாம். எட்டு முழத்தின் இரட்டைத் தடிப்பு, உள்ளே நிழல் தெரியாமல் இருப்பது, இவையெல்லாம் துணியைத் தொட்டால்தான் தெரியும். சால்வையையும் சேர்த்து ஒரே தடவையில் கேட்காதீர்கள். வேட்டி சரியாக வந்த படத்தை எடுத்து, அதன் மேல் சட்டையை அல்லது நஷனலை upper_body ஆக இரண்டாவதாகக் கொடுங்கள். கோயிலுக்கு உடுப்பது போல மேலே ஒன்றும் இல்லாமல் எடுத்த படத்தைத் தவிருங்கள், சில சேவைகள் அப்படியான படங்களை ஏற்காது.

நிறம் மாறுது. கடையில ஒண்டு, படத்தில ஒண்டு.

கடைக்குள் ரியூப் லைற்றும் வாசலால் வரும் பகல் வெளிச்சமும் கலந்தால் துணியின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி மஞ்சளாகவும் விழும். பொம்மையை விறாந்தையில் நிழலான இடத்துக்குக் கொண்டுபோய், நேர் வெயில் படாமல் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், சரிகை வெள்ளைக் கோடாகிவிடும். பக்கத்தில் ஒரு A4 தாளை வைத்து எடுத்தால், தாள் வெள்ளையாகத் தெரியும் வரை படத்தைத் திருத்தித் துணியின் நிறத்தையும் சரிக்குக் கிட்டக் கொண்டுவரலாம்.

இதற்கு மேல் தீராதது ஒன்று உண்டு. பாவில் ஒரு நிறமும் ஊடையில் இன்னொரு நிறமும் ஓடும் இரட்டை நிறப் பட்டு, நடக்க நடக்க நிறம் மாறும். ஒரு படம் ஒரு கோணத்தைத்தான் பிடிக்கும். அந்தச் சேலைகளுக்குத் துணியை அசைத்துக் காட்டும் பத்து விநாடி வீடியோவை உடுத்திய படத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.

சட்டையின்ர கழுத்து, கை நீளமெல்லாம் இதில பார்த்து வெட்டலாமோ?

வெட்டக் கூடாது. படத்தில் இருக்கும் சட்டை நீங்கள் தைக்கப்போகும் சட்டை இல்லை. பொம்மையில் இருந்ததையும் தான் பழகினதையும் கலந்து மென்பொருள் வரைந்தது. அதில் டார்ட் இல்லை, பின்கழுத்து தெரியாது, துணி இழுபடுமா தொய்யுமா என்பதும் தெரியாது. கையிடுக்கில் சுருக்கமே இல்லாமல் அழகாக நிற்பதைப் பார்த்து வாடிக்கையாளர் ஆசைப்படுவார். உண்மையான துணி, கையைத் தூக்க இடம் வேண்டுமென்றால் அங்கே கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். தையலின் நல்ல பேரைக் காப்பாற்ற இதை முதலே சொல்லிவிடுங்கள்.

பேச்சைத் தொடக்க மட்டும் படம் உதவும். கை முழங்கை வரையா, தோளோடு நிற்பதா, சட்டை கரை நிறத்திலா உடல் நிறத்திலா என்பதை இரண்டு படம் பக்கத்தில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிவெடுப்பார்கள். முடிவெடுத்த கையோடு சேலையில் சேர்ந்து வரும் சட்டைத் துணியை அளவுங்கள். அனேகமாக 80 சென்ரிமீற்றர் இருக்கும். பெருத்த உடம்புக்கு முழங்கைக் கையும் கையில் கரையும் கேட்டால் அது போதாமல் போகலாம். படத்தில் ஓம் என்று சொல்லிவிட்டுத் துணியில் இல்லை என்று சொல்வது சரியில்லை.

இரண்டு சாறியை ஒப்பிட்டுக் காட்ட வேணும். ஒவ்வொருக்கா ஓடும்போதும் படம் மாறுதே?

மென்பொருள் ஒவ்வொரு முறையும் எழுந்தமானமாக எங்கிருந்து வரையத் தொடங்குவது என்பதைத் தீர்மானிக்கும் seed என்ற எண்ணை மாற்றாமல் வையுங்கள். அதே ஆள் படம், அதே மாஸ்க், அதே எண் என்றால் மடிப்புகளும் நிற்கும் விதமும் பெரிதாக மாறாது, துணிதான் மாறும். பொம்மையில் இரண்டு சேலையையும் ஒரே விதமாக உடுத்தியிருக்க வேண்டும் என்பதும் இதில் சேரும்.

இணையத்தில இலவசமா இருக்கிறதைக் கடைக்குப் பாவிக்கலாமோ?

அனேகமாக முடியாது. ஆய்வாளர்கள் வெளியிட்ட IDM-VTON, OOTDiffusion, CatVTON மூன்றும் CC BY-NC-SA 4.0 உரிமத்தில் வந்தவை. NC என்பது வணிகப் பாவனை இல்லை என்ற நிபந்தனை. சேலை விற்கவோ தையல் ஓடர் எடுக்கவோ வாடிக்கையாளருக்குக் காட்டுவது வணிகப் பாவனைதான். அவற்றை வைத்துப் பழகலாம், எந்தப் படம் எப்படி வருகிறது என்று கற்கலாம். கடை வேலைக்கு வணிக அனுமதி தரும் கட்டணச் சேவை ஒன்றை எடுங்கள். பணம் கட்டுமுன் சோதிக்க வேண்டியவை: மாஸ்க்கைக் கையால் திருத்த முடியுமா, உடுத்திய ஆடையின் படத்தை ஏற்குமா, ஏற்றிய படங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள். மூன்றாவதற்குத் தெளிவான பதில் எழுத்தில் இல்லாத சேவையை விடுங்கள்.

GIMP க்கு இந்தத் தடை இல்லை, கடைக்கும் பாவிக்கலாம்.

சாமத்தியவீட்டுக்குப் பிள்ளையின்ர படத்தைத் தந்து கேட்கினம். செய்யலாமோ?

பிள்ளையின் படத்தை வெளித் தளத்தில் ஏற்ற வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. தாயோ தகப்பனோ சம்மதித்தாலும், ஏற்றிய படம் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதை அவர்களாலும் பார்க்க முடியாது. பொம்மையில் அரைச்சாறியையோ சேலையையோ உடுத்தி எடுத்த படமும், பிள்ளையின் தோளில் துணியைப் போட்டு வீட்டார் தங்கள் போனிலேயே எடுத்த படமும் அந்தத் தேவைக்குப் போதும்.

பெரியவர்களின் படத்துக்கும் ஒழுங்கு வேண்டும். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆளை அடையாளம் காட்டும் படமும் தனிப்பட்ட தரவுதான். எதற்கு எடுக்கிறோம், எந்தச் சேவையில் ஏற்றுகிறோம், எப்போது அழிப்போம் என்று வட்ஸ்அப்பில் எழுதி, ஓம் என்ற பதிலை வாங்கிய பிறகு தொடங்குங்கள். உடுப்பைக் கொடுத்த அன்று போனிலும், கணினியிலும், வட்ஸ்அப் சேமித்த படங்களிலும், சேவையின் கணக்கிலும் அழியுங்கள். வடிவாக வந்த படத்தைக் கடையின் முகநூலில் போடுவதற்கு இந்தச் சம்மதம் செல்லாது, அதற்கு வேறாகக் கேட்க வேண்டும்.

‘படத்தில இருந்த மாதிரி இல்லை’ எண்டு திருப்பிக் கொண்டு வந்தால்?

அந்த வழக்கு ஓடர் எடுக்கும்போதே தீர வேண்டும். உடுத்திய படத்தைத் தனியாக ஒருபோதும் அனுப்பாதீர்கள். கரை, தலைப்பு, உடல் மூன்றின் உண்மைப் படங்களையும் அதன் கீழே சேர்த்து ஒரே படமாக்கி அனுப்புங்கள். உடுத்திய படத்தின் மேல் ‘கணினியில் உடுத்திக் காட்டியது’ என்று வாசிக்கக்கூடிய எழுத்தில் இருக்கட்டும்.

பற்றுச்சீட்டில் கரையின் அகலத்தைச் சென்ரிமீற்றரிலும், சேலையின் நீளத்தையும், சட்டைத் துணியின் நீளத்தையும் எழுதுங்கள். சட்டையின் அளவு வாடிக்கையாளரின் உடம்பில் அல்லது அவர் தந்த அளவுச் சட்டையில் எடுத்தது என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஓடர் தருபவர் முற்பணம் அனுப்புமுன் இந்தச் சீட்டின் படத்தைப் பார்த்துச் சரி என்று எழுதட்டும். கரை 10 சென்ரிமீற்றர் என்று சீட்டில் இருந்தால், துணி வந்து சேர்ந்ததும் அவரே நாடாவை வைத்துப் பார்த்துக்கொள்வார்.